ப்ளூடூத் ஹெட்போன் போட்டா மட்டும் மீட்டிங்ல வைஃபை திக்குது, யாருக்காச்சும் இந்த பிரச்சனை இருக்கா?

மாந்தோப்பு_மச்சான் (கிருஷ்ணகிரி)

வணக்கம் மக்களே. நான் பெங்களூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்கறேன், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் பஸ் ஏறி ஆபீஸ் போவேன், மீதி நாள் எல்லாம் மாடி ரூம்தான். புதுசா ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினதுல இருந்து ஒரு வினோதமான தொல்லை. மீட்டிங்ல பேச ஆரம்பிச்சா என் குரல் வெட்டி வெட்டி போகுதுன்னு சொல்றாங்க, ஸ்க்ரீன் ஷேர் அப்படியே நின்னுடுது, ஹெட்போன ஆஃப் பண்ணிட்டு லேப்டாப் ஸ்பீக்கர்ல பேசினா உடனே சரியாகிடுது. நெட் 100 எம்பிபிஎஸ் பிளான், கீழ ஹால்ல ரவுட்டர் பக்கத்துல நின்னு ஸ்பீட் டெஸ்ட் போட்டா முழுசா வருது. கனெக்ஷன் குடுத்தவங்க ஆள் வந்து பாத்துட்டு லைன்ல ஒண்ணும் இல்ல சார்னு போயிட்டார். பாட்டு கேக்கறப்ப பெருசா தெரியல, கால்ல மட்டும்தான் உயிர எடுக்குது.

பென்னாகரம்_பையன்

ப்ரோ ஹெட்போன்ல சார்ஜ் இருக்கா பாருங்க, என்னோட இயர்பட்ஸ் 20 சதவீதத்துக்கு கீழ போனா கட் ஆகும். இல்லன்னா 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடுங்க.

மாந்தோப்பு_மச்சான்

தம்பி எனக்கு காதுல கட் ஆகல, அவங்களுக்கு என் குரல் கட் ஆகுது, அதே நேரத்துல ப்ரவுசர்ல ஷீட் கூட சேவ் ஆகாம சுத்திக்கிட்டே நிக்குது. அதாவது ஹெட்போன் போட்டா நெட்டே இழுக்குது. சார்ஜ் எல்லாம் ஃபுல்.

பைபர்_அண்ணன்_தருமபுரி

நான் இந்த ஃபீல்டுலதான் இருக்கேன் தம்பி, வீடு வீடா போயி பாக்கறதால சொல்றேன், இது சேனல் நெரிசல். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், ப்ளூடூத்தும் அதே 2.4, ரெண்டும் ஒரே இடத்துல முட்டிக்குது. உங்க தெருவுல எல்லா ரவுட்டரும் அதே சேனல்ல குந்திக்கிட்டு இருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸ்ல போயி ஆட்டோவ எடுத்துட்டு 1, 6, 11 இந்த மூணுல எது காலியா இருக்கோ அத போடுங்க, நடுவுல 3, 4, 8 எல்லாம் போட்டா ரெண்டு பக்கமும் இடிக்கும். அகலம் 40னு இருந்தா 20க்கு மாத்துங்க. முடிஞ்சது வேலை.

மாந்தோப்பு_மச்சான்

அண்ணா 11க்கு மாத்தினேன், அகலமும் 20 ஆக்கிட்டேன். பொதுவா கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஹெட்போன் போட்டு கால் எடுத்தா பழைய குருடி கதவ திறடி கதைதான்.

ஓசூர்_ஷிப்ட்

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படிக்கறேன், கொஞ்சம் நீளமா எழுதுவேன் பொறுத்துக்கங்க. நான் வயர்லெஸ் போர்டு டெஸ்ட் பண்ற லைன்ல இருக்கேன்.

பைபர் அண்ணன் சொன்னது தப்பில்ல, ஆனா பாதிதான். ப்ளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 பட்டைலதான் ஓடுது, ஆனா ப்ளூடூத் ஒரே இடத்துல நிக்காது. அந்த பட்டைய 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 79 துண்டா வெட்டி, செகண்டுக்கு 1600 தடவை துண்டு விட்டு துண்டு தாவிக்கிட்டே இருக்கும். 2003ல வந்த ப்ளூடூத் 1.2லயே அதுக்கு இன்னொரு புத்தியும் வந்துடுச்சு, எந்த துண்டுல எல்லாம் அடிபடுதோ அத லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு மீதி துண்டுல மட்டும் தாவும். வைஃபை ஒரு சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் கிட்ட எடுத்துக்கும், அத ஒதுக்கிட்டாலும் ஹெட்போனுக்கு தாராளமா இடம் இருக்கு. நீங்க 40ல இருந்து 20க்கு மாத்தினதும் கொஞ்சம் நல்லா ஆனதுக்கு காரணம் அதுதான், 40ல வெச்சா பாதி பட்டைய வைஃபையே முழுங்கிடும்.

அப்ப காத்துல இடம் இருந்தும் ஏன் திக்குது? எனக்கு சந்தேகம் உங்க லேப்டாப்புக்குள்ள. அத கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. அதே ஹெட்போன உங்க போன்ல கனெக்ட் பண்ணி பாட்டு ஓட விட்டு, போன லேப்டாப் பக்கத்துலயே வைங்க, லேப்டாப்ல ப்ளூடூத் ஆஃப். காத்துல இப்பவும் அதே ப்ளூடூத்தான் ஓடுது, அதே ரூம், அதே மேசை. இப்ப லேப்டாப் வைஃபை திக்கினா காத்துல பிரச்சனை, திக்கலன்னா உள்ள பிரச்சனை.

திக்குதான்னு பாக்க வெப்சைட் ஸ்பீட் டெஸ்ட் போடாதீங்க, அது பெங்களூர் சென்னை வரைக்கும் போயிட்டு வர்றதெல்லாம் சேத்து சொல்லும். ரவுட்டர் வரைக்கும் மட்டும் பிங் போடுங்க. கமாண்ட் விண்டோவ திறந்து

```
netsh wlan show interfaces
ping -t 192.168.1.1
```

ரவுட்டர் அட்ரஸ் உங்களுக்கு வேறயா இருந்தா அத போடுங்க. ப்ளூடூத் இல்லாம ஒரு தடவை, போன்ல ஹெட்போன் பாட்டு ஓடறப்ப ஒரு தடவை, லேப்டாப்லயே பாட்டு ஓடறப்ப ஒரு தடவை, அப்புறம் லேப்டாப்ல கால் போட்டு ஒரு தடவை. ஒவ்வொண்ணும் ஒரு ரெண்டு நிமிஷம் ஓடட்டும். இன்னொண்ணு, அந்த நேரத்துல ப்ளூடூத் செட்டிங்ஸ் பக்கத்த திறந்து வெச்சுடாதீங்க, அது திறந்திருந்தா புது டிவைஸ் இருக்கான்னு தேடிக்கிட்டே இருக்கும், அந்த தேடலே வைஃபை நேரத்த நல்லா தின்னுடும்.

காரிமங்கலம்_டீச்சர்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரிதான். டிவியில சவுண்ட்பார் ப்ளூடூத்ல போட்டிருக்கோம், படம் பாக்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வட்டம் சுத்துது, டிவி சவுண்டுல பாத்தா சுத்தல. வீட்டுக்காரர் ரவுட்டர மாத்தணும்ங்கறார். மாத்தலாமா?

ஓசூர்_ஷிப்ட்

மேடம் இப்போதைக்கு ரவுட்டர மாத்தாதீங்க. டிவியும் ரவுட்டரும் ஒரே ரூம்லயா இருக்கு? டிவி நெட்வொர்க் செட்டிங்ஸ்ல 5ஜின்னு முடியற வைஃபை பேர் தெரியுதா?

காரிமங்கலம்_டீச்சர்

ரவுட்டர் டிவிக்கு பின்னாடியேதான் ஆணில மாட்டியிருக்கு. போன்ல 5ஜி பேர் வருது, டிவியில வரல.

ஓசூர்_ஷிப்ட்

அப்ப டிவிக்கு 2.4 மட்டும்தான் தெரியும்னு அர்த்தம். ரவுட்டர்ல இருந்து டிவிக்கு ஒரு சின்ன லேன் கேபிள் சொருகிடுங்க, டிவி வைஃபையே தேவையில்ல. அது முடியலன்னா சவுண்ட்பார ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இல்ல ஆப்டிகல் கேபிள்ல மாத்துங்க. ரெண்டுல ஏதோ ஒண்ணு அந்த பட்டைய விட்டு வெளிய வந்தா போதும்.

மாந்தோப்பு_மச்சான்

ஓசூர் அண்ணா டெஸ்ட் பண்ணிட்டேன். முதல்ல வைஃபை விவரம், வேண்டியத மட்டும் போடறேன்.

```
Radio type             : 802.11n
Channel                : 11
Receive rate (Mbps)    : 26
Transmit rate (Mbps)   : 19.5
Signal                 : 54%
```

பிங் கதை இப்படி. ப்ளூடூத் இல்லாம 3ல இருந்து 6 மில்லிசெகண்ட். போன்ல ஹெட்போன் பாட்டு ஓடறப்ப கிட்டத்தட்ட அதே, எப்பவாச்சும் 9, 10. லேப்டாப்ல பாட்டு போட்டா 10க்கும் 40க்கும் நடுவுல ஆடுது, ஒண்ணு ரெண்டு 90 வந்துச்சு. கால் போட்டதும்தான் கூத்து, 60, 140, 300ன்னு தாவுது, நடுவுல `Request timed out.` வேற. ஹெட்போன் அதே, மேசை அதே. 100 எம்பிபிஎஸ்க்கு காசு கட்டிட்டு 26ல ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு இப்பதான் தெரியுது.

ஓசூர்_ஷிப்ட்

சூப்பர், இத விட தெளிவா வராது. போன்ல ஓடறப்ப ஒண்ணும் ஆகல, லேப்டாப்ல ஓடினா ஆகுது. அப்ப தெருவுல இருக்கற ரவுட்டரோ காத்து நெரிசலோ இங்க முதல் குற்றவாளி இல்ல.

லேப்டாப்ல வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் தனித்தனி பொருள்னு நெனச்சுக்கறோம், உண்மையில ரெண்டும் ஒரே சின்ன கார்டுல இருக்கு, நிறைய லேப்டாப்ல ஆன்டெனாவயே பங்கு போட்டுக்கும். ரவுட்டர்ல இருந்து மாடிக்கு வந்து சேர்ற சிக்னல் ரொம்ப மெலிசு. பக்கத்துல ஒருத்தன் கத்திக்கிட்டு இருக்கறப்ப தூரத்துல கிசுகிசுக்கறது காதுல விழுமா, அதே கதைதான், கார்டுல ப்ளூடூத் அனுப்பற நேரத்துல அதே பட்டைல வைஃபை கேக்க முடியாது, ப்ளூடூத் வேற துண்டுல அனுப்பினாலும் முடியாது. அதனாலதான் சேனல் மாத்தினது இதுக்கு உதவல. கார்டு என்ன பண்ணுதுன்னா நேரத்த பிரிச்சு குடுக்குது, இப்ப நீ, இப்ப நீன்னு.

பாட்டுக்கும் காலுக்கும் வித்தியாசம் ஏன்னா, பாட்டுல ஹெட்போன் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி சேத்து வெச்சுக்கும், அதனால லேப்டாப் ஒரு மூட்டையா அனுப்பிட்டு கொஞ்ச நேரம் வைஃபைக்கு வழி விடலாம், ஒரு பாக்கெட் தவறினா மறுபடி அனுப்ப நேரம் இருக்கு. கால்ல அப்படி சேத்து வெச்சா பேச்சு லேட்டா கேக்கும். அதனால சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சின்ன சின்ன பாக்கெட்டா, போகவும் வரவும், நேரம் குறிச்ச மாதிரி ஓடணும். அந்த நேரத்த வைஃபை கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. குரலுக்கு போற டேட்டா பாட்ட விட கம்மிதான், ஆனா வைஃபைக்கு மிச்சம் கிடைக்கறது எல்லாம் துண்டு துண்டு இடைவெளி.

இதுக்கு மேல உங்க 26, 19.5 நம்பர் சேந்து கெடுக்குது. வேகம் கம்மியா இருந்தா ஒரு வைஃபை பாக்கெட் அனுப்ப ரொம்ப நேரம் பிடிக்கும், நீளமான பாக்கெட் அந்த சின்ன இடைவெளில அடங்காம பாதில அறுந்துடும். அறுந்தத பாத்து டிரைவர் என்ன நெனைக்கும்? ஓ சிக்னல் வீக்கா இருக்குன்னு இன்னும் வேகத்த குறைக்கும். பாக்கெட் இன்னும் நீளமாகும், இன்னும் அதிகமா அறுக்கும். கால்ல இருக்கறப்ப அந்த netsh கமாண்ட திரும்ப போட்டு பாருங்க, Transmit rate இன்னும் கீழ இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கீழ ரவுட்டர் பக்கத்துல உக்காந்து இதே ஹெட்போன்ல கால் பேசினா இந்த அளவுக்கு தெரியாது, அதனாலதான் வந்த ஆளுக்கும் ஒண்ணும் தெரியல.

செய்ய வேண்டியது, லேப்டாப் வைஃபைய 5 கிகாஹெர்ட்ஸுக்கு கொண்டு போங்க. அங்க ப்ளூடூத் கிடையாது, கார்டு நேரத்த பிரிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

பைபர்_அண்ணன்_தருமபுரி

தம்பி நீங்க சொல்றது லேப்ல சரி, எங்க ஊரு வூட்ல ஒத்து வராது. நம்ம பக்கம் பழைய வீடுனா கருங்கல் சுவர், புதுசுனா கான்க்ரீட் தளம், 5 கிகா மாடி ஏறாது. நான் போட்டு குடுத்துட்டு வந்தா மறுநாளே போன் வரும், மாடில டவர் இல்லண்ணான்னு. அப்புறம் இன்னொண்ணு, சில கனெக்ஷன்ல குடுக்கற பெட்டியே 2.4 மட்டும்தான், அதுல 5 எங்க இருந்து வரும். அதனாலதான் நாங்க 2.4லயே விட்டுட்டு வர்றோம். அப்புறம் சந்தைல 500 ரூபாய்க்கு விக்கற ஹெட்போன வாங்கினா இப்படித்தான் ஆகும்.

ஓசூர்_ஷிப்ட்

கல்லு சுவர், தளம் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிண்ணா, 5 வேகமா மெலிஞ்சுடும். ஆனா மெலிஞ்ச 5ம் இந்த கேஸ்ல நல்லா இருக்கற 2.4ஐ ஜெயிக்கலாம், ஏன்னா மீட்டிங்குக்கு ரெண்டு மூணு எம்பிபிஎஸ் போதும், வேண்டியது தடங்கல் இல்லாத நேரம். கோடு கம்மியா தெரியுதேன்னு பயப்படாம பிங் போட்டு பாத்து முடிவு பண்ணலாம். ஹெட்போன் விலைய மட்டும் ஒத்துக்க மாட்டேன், அதே ஹெட்போன் போன்ல ஓடறப்ப பிங் ஆடலயே.

பென்னாகரம்_பையன்

ப்ளூடூத் 5.3 ஹெட்போன் வாங்கினா இந்த பிரச்சனை வராதுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான், அது 5 கிகாவுலதான ஓடும்?

ஓசூர்_ஷிப்ட்

இல்ல தம்பி, 5.3ங்கறது வெர்ஷன் நம்பர். ஓடறது அதே 2.4லதான். காச வீணாக்காதீங்க.

மாந்தோப்பு_மச்சான்

அப்டேட். மாடில எனக்கு 5ஜி பேரே தெரியாம இருந்துச்சு, பாத்தா ரவுட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருக்காங்க, லேப்டாப் தானா 2.4ஐ பிடிச்சுக்குது. முதல்ல லேப்டாப்புக்கு 5 வருதான்னே சந்தேகம், அதுக்கு `netsh wlan show drivers` போட்டேன், `Radio types supported` வரில 802.11acன்னு இருந்துச்சு, சரி இருக்கு. பேர பிரிச்சு 5க்கு தனி பேர் குடுத்து கனெக்ட் பண்ணினேன். மாடில ரெண்டு கோடுதான் காட்டுது ஆனா வேகம் 117ன்னு போடுது. ஹெட்போன்ல கால் போட்டு பிங் பாத்தா 4ல இருந்து 12, அவ்ளோதான்! டைம்டு அவுட் ஒண்ணு கூட இல்ல. ஆபீஸ்ல என்னப்பா புது நெட் போட்டியான்னு கேட்டாங்க.

ஆனா பைபர் அண்ணன் சொன்னதும் நடந்துச்சு. ரூம் கதவ சாத்தினா சிக்னல் விழுந்து தானா பழைய 2.4 பேருக்கு தாவிடுது, மீட்டிங் நடுவுல அது நடந்தா அவ்ளோதான்.

ஓசூர்_ஷிப்ட்

2.4 பேர லேப்டாப்ல மறந்துடு குடுத்துடுங்க, அப்ப தாவாது. பேர பிரிக்க விடாத ரவுட்டரா இருந்தா டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்ட தட்டி அட்வான்ஸ்டுல `Preferred Band` இருக்கும், `Prefer 5GHz band` வைங்க, எல்லா கார்டுலயும் இருக்காது. அப்புறம் ரவுட்டர் எங்க இருக்கு?

மாந்தோப்பு_மச்சான்

ஹால்ல பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல.

பைபர்_அண்ணன்_தருமபுரி

அட கடவுளே. இரும்பு பீரோ பக்கத்துல வெச்சுட்டு 2.4 என்ன 5 என்ன. மாடிப்படி திரும்பற இடத்துல உயரமா மாட்டுங்க, படி வழியா தளத்துல திறப்பு இருக்கும், அதுல ஏறி வரும். பைபர் ஒயர மடக்கி இழுக்காதீங்க, உடைஞ்சா மறுபடி ஒட்டணும், ஆளக் கூப்பிட்டு செய்ங்க.

காவேரிப்பட்டணம்_சிஸ்டம்

எனக்கு டெஸ்க்டாப். நெட் லேன் கேபிள்தான், வைஃபையே இல்ல, ஆனாலும் ப்ளூடூத் ஹெட்போன் கட் ஆகுது, அதுவும் வீடியோ காப்பி பண்றப்ப. ப்ளூடூத்துக்கு யுஎஸ்பி டாங்கிள் போட்டிருக்கேன். ஓசூர் அண்ணா கணக்குப்படி வைஃபை இல்லாம எப்படி இடிக்கும்?

ஓசூர்_ஷிப்ட்

காப்பி பண்றது வெளி ஹார்ட் டிஸ்க்கா? டாங்கிளுக்கு பக்கத்து போர்ட்ல நீல கலர் போர்ட்ல இருக்கா?

காவேரிப்பட்டணம்_சிஸ்டம்

ஆமா அண்ணா, பக்கத்து பக்கத்து போர்ட்! எப்படி தெரிஞ்சது?

ஓசூர்_ஷிப்ட்

யுஎஸ்பி 3 வேலை செய்யறப்ப அதோட கனெக்டர், கேபிள்ல இருந்து 2.4 பட்டை வரைக்கும் இரைச்சல் கசியும். இன்டெல்லே 2012ல இத அளந்து பேப்பர் போட்டிருக்கு. டாங்கிள ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல போட்டு மேசை மேல கொண்டு வாங்க, முடிஞ்சா கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட்ல. சில இன்ச் தள்ளி வெச்சாலே வித்தியாசம் தெரியும்.

காரிமங்கலம்_டீச்சர்

லேன் கேபிள் போட்டாச்சு, ரெண்டு மணி நேரம் படம் ஓடுச்சு, ஒரு தடவை கூட சுத்தல. வீட்டுக்காரர் அப்பவும் ரவுட்டர் மாத்தணும்னுதான் சொல்றார், அது வேற பிரச்சனை. ஒரு கேள்வி. ட்யூஷன் க்ளாஸ் லேப்டாப்ல எடுக்கறேன், அது பழசு, அந்த கமாண்ட போட்டு பாத்தா 802.11n, g, b மட்டும்தான் வருது. ஹெட்போன் வேணும், என்ன செய்யறது?

ஓசூர்_ஷிப்ட்

அதுல 5 இல்ல மேடம். ரெண்டு வழி. ஹெட்போன்ல கேட்டுக்கங்க, ஆனா க்ளாஸ் ஆப்ல மைக்க மட்டும் லேப்டாப்போட சொந்த மைக்குன்னு தேர்ந்தெடுங்க. ஹெட்போன் மைக்க யாரும் தொடாத வரைக்கும் அது கால் முறைக்கு போகாது, பாட்டு முறையிலயே நிக்கும், வைஃபைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், சத்தமும் தெளிவா கேக்கும். சவுண்ட் லிஸ்ட்ல ஒரே ஹெட்போன் `Stereo`ன்னும் `Hands-Free`ன்னும் ரெண்டா தெரிஞ்சா `Stereo`வ எடுங்க. இன்னொரு வழி 150 ரூபாய் ஒயர் ஹெட்போன், அத அடிச்சுக்க முடியாது.

மாந்தோப்பு_மச்சான்

அந்த மைக் வழிய நான் 2.4லயே வெச்சு பாத்தேன், பிங் 300ல இருந்து 40க்குள்ள இறங்கிடுச்சு, உண்மைதான். ஆனா லேப்டாப் மைக் ஊரையே இழுக்குது, கீழ அம்மா மிக்ஸி போட்டது மேனேஜருக்கு கேட்டுடுச்சு. டீச்சருக்கு கதவு சாத்தற ரூம் இருந்தா ஓகே.

பென்னாகரம்_பையன்

எல்லாருக்கும் சொல்றீங்க, எனக்கும் சொல்லுங்கண்ணா. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னா இயர்பட்ஸ்ல பாட்டு திக்கும், பஸ் ஊர தாண்டினா சரியாகிடும். எனக்கு வைஃபையே இல்ல, மொபைல் டேட்டாதான். அதுவும் 2.4 நெரிசல்தானா?

பைபர்_அண்ணன்_தருமபுரி

அத்தன பேர் காதுலயும் இயர்பட்ஸ், அத்தன கடைலயும் வைஃபை, வேற என்ன.

ஓசூர்_ஷிப்ட்

இருக்கலாம், ஆனா நான் அடிச்சு சொல்ல மாட்டேன். போன எந்த பாக்கெட்ல வெச்சிருக்கீங்கங்கறதும் ஒண்ணு, உடம்பு 2.4ஐ நல்லா உறிஞ்சும், பேன்ட் பின் பாக்கெட்ல இருந்து காதுக்கு போறதுக்குள்ள பாதி போயிடும். வீட்டுக்குள்ள சுவத்துல பட்டு திரும்பி வந்து சமாளிக்கும், வெட்டவெளில அதுவும் இல்ல. மூணாவதா ஒரு சந்தேகம், நம்ம நாட்டுல 4ஜிக்கு ஓடற பட்டைல ஒண்ணு 2300ல இருந்து 2400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், பேண்ட் 40ம்பாங்க. ப்ளூடூத் ஆரம்பிக்கறது 2402ல, வேலியே இல்லாத பக்கத்து வீடு. நெரிசல்ல டேட்டா இழுக்க போன் ஓங்கி அனுப்பறப்ப அது இயர்பட்ஸ் பக்கம் கசியலாம், போன் கம்பெனிங்க ஃபில்டர் போடறாங்க, எல்லா போன்லயும் ஒரே தரம் இல்ல.

பிரிச்சு பாக்க, டவுன்லோட் பண்ணின பாட்ட வெச்சுட்டு பஸ் ஸ்டாண்டுல ஏரோபிளேன் மோட் போடுங்க, அதுக்கப்புறம் ப்ளூடூத் மட்டும் ஆன். அப்பவும் திக்கினா காத்துலயோ உடம்பாலயோ, திக்கலன்னா உங்க போனுக்குள்ள. போன மேல் சட்டை பாக்கெட்லயும் வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க.

பென்னாகரம்_பையன்

ஏரோபிளேன் மோட்ல போட்டா வீட்ல இருந்து கால் வந்தா எடுக்கலன்னு திட்டுவாங்கண்ணா. சனிக்கிழமை போவேன், முதல்ல பாக்கெட் மாத்தி பாத்துட்டு வந்து போடறேன்.

காவேரிப்பட்டணம்_சிஸ்டம்

எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டேன், காப்பி ஓடறப்பவும் கட் ஆகல. ஆனா போன அங்க வெச்சா எப்பவாச்சும் ஒரு டிக் சத்தம் வருது, அது வேற விஷயமா?

ஓசூர்_ஷிப்ட்

டிக் சத்தம் ஹெட்போன்லயா, டெஸ்க்டாப் ஸ்பீக்கர்லயா? ஸ்பீக்கர்லன்னா வேற கதை, தனி இழை போடுங்க, இங்க கலக்க வேணாம்.